வெபினார் விவரத்தை அழைப்புப் பதிவாக்கும்போது சறுக்கும் இடங்கள்

கோத்தகிரிப் பக்கம் விவசாயக் குழுக்களுக்கு வாட்ஸ்அப் பதிவு எழுதும் புதியவர்களிடம் இந்தத் தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எழுத்துப் பிழை, தேதிப் பிழை எல்லாம் அவர்களே திருத்திக்கொள்வார்கள். அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

“ஆர்வமுள்ள அனைவருக்கும்”

எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு குழு தேயிலைக் கொப்புள நோய் பற்றி வெபினார் நடத்தியது. பேச்சாளர் அனுப்பிய விவரம் இப்படி இருந்தது: “தேயிலையில் கொப்புள நோய்: நோயியல், பரவும் முறை, ஒருங்கிணைந்த மேலாண்மை.” அதை அப்படியே போட்டு, கீழே “விவசாயத்தில் ஆர்வமுள்ள அனைவரும் பயன்பெறலாம்” என்று சேர்த்துவிட்டார்கள். கூட்டம் என்னவோ வந்தது. ஆனால் கேள்வி நேரம் முழுக்க மாடித் தோட்ட ரோஜாவைப் பற்றியே போனது. கொழுந்து விற்றுப் பிழைக்கும் சிறு விவசாயிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

யாருக்குப் பயன் என்பதற்கான விடை விஷயத்துக்குள்ளேயே இருந்தது. இந்த நோயைத் தரும் பூஞ்சை முற்றிய இலையைத் தொடாது, இளங்கொழுந்தைத்தான் பிடிக்கும். மழையும் மூடுபனியுமாக இலை காயாமல் கிடக்கும் நாட்களில் வேகமாகப் பரவும். கவாத்து வெட்டிப் புதுத் துளிர் விடும் தோட்டத்தில் இருப்பதெல்லாம் இளந்தளிர்தான் என்பதால், அதிக அடி அங்கேதான். அப்படியானால் முதல் வரி இப்படி வரலாம்:

“கவாத்து வெட்டிய தோட்டம் துளிர்விடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதா? இந்த வகுப்பு உங்களுக்கு.”

குழுவில் மேலோட்டமாகப் படித்துக்கொண்டு போகிறவர் தன் தோட்டத்தை அந்த வரியில் பார்த்தால் நின்றுவிடுவார். மற்றவர்கள் தாண்டிப் போகட்டும், நஷ்டமில்லை.

தலைப்பைக் கற்றலாக நினைப்பது

“நோயியல்” என்பது பேச்சாளரின் தலைப்பு. விவசாயிக்கு வேண்டியது, வகுப்பு முடிந்து தோட்டத்துக்குப் போனால் என்ன செய்யத் தெரியும் என்பது. அதனால் வரியை வினையில் முடியுங்கள்:

“இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் வருவதற்கு முன்பே, ஒளி ஊடுருவும் சிறு புள்ளியாக இருக்கும்போது நோயைக் கண்டுபிடிப்பீர்கள். தாமிர மருந்தை எப்போது அடிப்பது, அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிப்பது என்று முடிவு செய்வீர்கள்.”

“மேலாண்மை” என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவது வாக்கியத்தை நீங்களாக எழுதக் கூடாது. பேச்சாளருக்கு ஒரு போன் போட்டு, “ஐயா, மருந்து அடிக்கும் இடைவெளி பற்றிப் பேசுவீர்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அப்புறம் வகுப்பில் வந்து கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியது பேச்சாளர்தான்.

“பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும்”

விவரத்தில் இல்லையா? எழுதாதீர்கள்.

பேச்சாளரின் பட்டங்கள்

ஒரு வரி. அதுவும் பயனுக்குக் கீழே.

இணைப்பு

ஒன்றே ஒன்று, தேதியும் நேரமும் இருக்கும் வரிக்கு அடுத்தபடியாக.