வாரத் தவணைக் கடன்: 10 சதவீதம்தானா?

10,000 கடன், 25 வாரம், வாரம் 440. மொத்தம் கட்டுவது 11,000, அதனால் "வட்டி 10 சதவீதம்தான்" என்பார்கள். முதலில், அந்த 10 ஆண்டுக்கு இல்லை, ஆறு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு. அடுத்து, முதல் வாரத்திலிருந்தே அசலும் குறைகிறது. முழு 10,000 உங்கள் கையில் இருப்பது ஒரே வாரம்தான், சராசரியாகப் பார்த்தால் பாதிதான். இதிலேயே ஆண்டு வட்டி ஏறக்குறைய 39 சதவீதம் ஆகிவிடுகிறது.

அப்புறம் 'செயலாக்கக் கட்டணம்' என்று 600 பிடித்துக்கொண்டு 9,400 தருகிறார்கள். எக்செலில் இதைப் போடுங்கள்:

```
=RATE(25,-440,9400)*52
```

விடை சுமார் 65 சதவீதம். சின்னதாகத் தெரிந்த அந்த 600 மட்டும் 26 புள்ளிகளை ஏற்றிவிட்டது! கட்டணம் முன்கூட்டியே போவதாலும் தவணைக்காலம் குறைவு என்பதாலும்தான் இவ்வளவு.

கணினி இல்லையா? சரி, கூடுதலாகக் கட்டும் 1,600-ஐக் கையில் வந்ததில் பாதியால் (4,700) வகுத்து, 52/25-ஆல் பெருக்குங்கள். 71 சதவீதம் வரும். கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஆனால் இரண்டு கடன்களை ஒப்பிடப் போதும். காப்பீடு என்று எதையாவது பிடித்தால் அதையும் 9,400-இலிருந்து கழித்துவிட்டே கணக்கிடுங்கள்.