ஊர் சிபு, போஸ்ட்கோட் காப்பிட்

பிரிக்ஃபீல்ட்ஸில் மசாலா விற்கும் அக்கா ஒருவர் எங்கள் கூரியருக்குப் புது வாடிக்கையாளர். முதல் பில் வந்ததுமே போன்: "தம்பி, சிபு பார்சலுக்கு மட்டும் தனியா ஒரு சார்ஜ் ஏன்? மூணு நாள்னு சொன்னீங்க, எட்டு நாள் ஆச்சு!"

முதலில் எடையைச் சந்தேகப்பட்டேன். சரியாகவே இருந்தது. கட்டண அட்டையை அனுப்பினேன். அதில் சிபுவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை என்று அவரே காட்டிவிட்டார். இரண்டு நாள் இப்படியே போனது.

அப்புறம்தான் ரசீதை உற்றுப் பார்த்தேன். ஊர் 'சிபு', போஸ்ட்கோட் 96800. சிபு டவுன் 96000. 96800 ரெஜாங் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் காப்பிட். எங்கள் சிஸ்டம் ஊர்ப் பெயரைப் பார்ப்பதே இல்லை, எண்ணை வைத்துத்தான் தொலைதூரக் கட்டணம் போடுகிறது.

டிராக்கிங்கைத் திறந்து காட்டினேன். மூன்றாம் நாளே சிபு கிடங்கில் பதிவு. அங்கிருந்து காப்பிட்டுக்கு வாரம் இரண்டே தடவைதான் சரக்கு போகும். அக்கா உடனே புரிந்துகொண்டார். கட்டணம் ஒரு ரசீதுக்கு ஒரு முறைதான் என்பதால், இப்போது காப்பிட்டில் வாங்கும் கடைக்கான மூன்று பொட்டலங்களையும் ஒரே பெட்டியில் அனுப்புகிறார். நானும் விலை சொல்லும் முன் போஸ்ட்கோடைக் கேட்டுவிடுகிறேன்.