கோடுகள் வெட்டும் இடத்தில் நிறுத்துங்கள்

ஒரு துடிப்புக்குள் இதயத்தின் அழுத்தமும் அதிலுள்ள இரத்தத்தின் கன அளவும் மாறுவதைக் கோடுகளாகக் காட்டும் இதயச் சுழற்சிப் படம் என்றாலே பாளையங்கோட்டை விடுதியில் எங்களுக்குத் தலைவலி. அடிக்கோலைச் செங்குத்தாக வைத்து, அழுத்தக் கோடுகள் வெட்டும் இடங்களில் நின்று, நேர் கீழே கன அளவைப் பார்த்தபோதுதான் வழி பிறந்தது.

இதயத்தின் இடது கீழறையான வென்ட்ரிக்கிளின் அழுத்தம் மேலறையான ஏட்ரியத்தைத் தாண்டியதும் இரண்டுக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு மூடுகிறது. ஆனால் அழுத்தம் 80 மி.மீ. பாதரசத்தை எட்டி, இரத்தம் வெளியேறும் பெருந்தமனியான அயோர்ட்டாவை மிஞ்சும்வரை அயோர்ட்டா வால்வு திறக்காது. அந்த இடைவேளையில் இரத்தத்துக்குப் போக்கிடமே இல்லை. அழுத்தம் கிடுகிடுவென ஏற, கன அளவு 120 மில்லியில் தட்டையாகக் கிடக்கும். வால்வு திறந்ததும் 50 வரை சரியும்.

அயோர்ட்டா வால்வு மூடும் இடத்தில்தான் அடிக்கோல் ஏமாற்றும். வென்ட்ரிக்கிளின் அழுத்தம் அயோர்ட்டாவைவிடச் சற்றுத் தாழ்ந்த பிறகும் இரத்தம் ஓடிய வேகத்தில் கொஞ்ச நேரம் வெளியேறும். அங்கே வெட்டுப்புள்ளியை விட்டுவிட்டு, அயோர்ட்டாக் கோட்டில் விழும் சிறு பள்ளத்தைத் தேட வேண்டும்.