கோல்ஃப் டாப் 5 பந்தயம்: டெட் ஹீட் விதிப்படி கைக்கு வரும் தொகையைக் கணக்கிடுவது எப்படி?

கோல்ஃப் போட்டியில் முதலிடத்திற்குச் சமநிலை ஏற்பட்டால் பிளே-ஆஃப் ஆடி வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள். நான்காம் இடத்திற்கோ ஐந்தாம் இடத்திற்கோ அப்படி எதுவும் கிடையாது. ஒரே ஸ்கோரில் முடித்த அனைவரும் அந்த இடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பரிசுத் தொகையும் அவ்வாறே பங்கிடப்படுகிறது. ஒரு வீரர் முதல் ஐந்து இடங்களுக்குள் முடிப்பார் என்று பணம் கட்டுவதே டாப் 5 பந்தயம். பிரிட்டனில் பெரும்பாலான பந்தய நிறுவனங்கள் அதைத் தீர்க்கும்போது பின்பற்றும் டெட் ஹீட் விதியும் இதே பங்கீட்டு முறைதான்.

படி 1: எஞ்சிய இடங்களை எண்ணுங்கள்

2023 மாஸ்டர்ஸ் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஜான் ராம் வென்றார். பில் மிக்கெல்சனும் புரூக்ஸ் கெப்காவும் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தார்கள். அடுத்து ஜோர்டன் ஸ்பீத், பேட்ரிக் ரீட், ரஸ்ஸல் ஹென்லி ஆகிய மூவரும் 7 அண்டரில், அதாவது மைதானத்திற்கு நிர்ணயித்த பார் எண்ணிக்கையைவிட ஏழு அடிகள் குறைவாக முடித்ததால், லீடர்போர்டில் மூவரின் பெயருக்கும் எதிரே, நான்காம் இடத்தில் சமநிலை என்பதைக் குறிக்கும் T4 என்று இருந்தது. அவர்களுக்கு முன்னால் மூன்று பேர் இருப்பதால், ஐந்தில் எஞ்சியவை நான்காவது, ஐந்தாவது ஆகிய இரண்டு இடங்கள் மட்டுமே.

படி 2: பங்கைக் கண்டறியுங்கள்

எஞ்சிய இடங்களைச் சமநிலையில் இருப்போரின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இங்கே இரண்டு இடங்களுக்கு மூன்று பேர் என்பதால், பங்கு மூன்றில் இரண்டு.

படி 3: பந்தயத் தொகையைக் குறையுங்கள், விகிதத்தை அல்ல

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. ஸ்பீத் டாப் 5-இல் முடிப்பார் என்று 6.0 என்ற தசம விகிதத்தில், அதாவது வென்றால் கட்டிய தொகையும் சேர்த்து ஆறு மடங்கு திரும்ப வரும் விகிதத்தில், ஒருவர் 12 பவுண்டு கட்டியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தது. 12 பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கான 8 பவுண்டு மட்டுமே வென்றதாகக் கொள்ளப்பட்டு, அதற்கு முழு விகிதத்தில் 48 பவுண்டு கிடைக்கும். மீதி 4 பவுண்டு தோற்றதாகவே கணக்கிடப்படும்.

சமநிலை இல்லாதிருந்தால் 72 பவுண்டு வந்திருக்கும். அதில் லாபம் 60. இப்போது லாபம் 36 மட்டுமே. கைக்கு வரும் தொகை மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது என்றாலும், தோற்ற 4 பவுண்டும் லாபத்திலிருந்தே கழிவதால், லாபம் 40 சதவீதம் சரிந்துவிடுகிறது.

விகிதம் குறையக் குறைய இந்தச் சரிவு கடுமையாகும். 2022 அமெரிக்க ஓபனில் ரோரி மெக்கில்ராயும் காலின் மொரிகாவாவும் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்ததுபோல, ஒரே இடத்திற்கு இருவர் வந்தால் பங்கு பாதியாகிவிடும். அந்த நிலையில் 1.8 விகிதத்தில் 12 பவுண்டு கட்டியவருக்குத் திரும்ப வருவது 10.80 பவுண்டு. தேர்ந்தெடுத்த வீரர் டாப் 5-இல் இருந்தும் 1.20 பவுண்டு நட்டம். பங்கையும் தசம விகிதத்தையும் பெருக்கி வரும் எண் 1-க்குக் கீழே இருந்தால் நட்டம் என்று கண்டுகொள்ளலாம்.

எல்லாச் சமநிலையும் குறைப்பதில்லை

2023 ஓபன் சாம்பியன்ஷிப்பில் பிரையன் ஹார்மனுக்கு அடுத்து ராம், ஜேசன் டே, டாம் கிம், செப் ஸ்ட்ராகா ஆகிய நால்வர் 7 அண்டரில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தார்கள். இரண்டு முதல் ஐந்து வரை நான்கு இடங்கள், நான்கு பேர். ஆகவே டாப் 5 பந்தயத்தில் குறைப்பே இல்லை. மெக்கில்ராய் 6 அண்டரில் ஒரு ஸ்ட்ரோக் பின்தங்கியிருந்தார். அவரும் 7 அண்டரில் முடித்திருந்தால் நான்கு இடங்களுக்கு ஐவராகி, ஒவ்வொருவருக்கும் ஐந்தில் நான்கு பங்கே மிஞ்சியிருக்கும்.

படி 4: கட்டும் முன்பே விகிதத்தை எடைபோடுங்கள்

ஒரு வீரர் கடந்த காலத்தில் எத்தனை முறை டாப் 5-இல் முடித்தார் என்ற புள்ளிவிவரத்தில் T4, T5 ஆகியவையும் முழு எண்ணிக்கையாகவே சேர்க்கப்படுகின்றன. பந்தயத்திலோ எத்தனை பேர் சமநிலையில் இருந்தாலும் மொத்தம் ஐந்து இடங்களுக்குத்தான் பணம் உண்டு. ஆகவே அந்தப் புள்ளிவிவரத்தை அப்படியே வாய்ப்பாகக் கொண்டால், விகிதம் உண்மையில் இருப்பதைவிடக் கவர்ச்சியாகத் தோன்றும். ஒவ்வொரு T முடிவையும் முழு ஒன்றாக எண்ணாமல், அதற்குரிய பங்காக எண்ணிக் கூட்டுவதே சரி.

சில நிறுவனங்கள் சமநிலையிலும் முழுத் தொகை தரும் டாப் 5 பந்தயத்தைக் குறைந்த விகிதத்தில் வழங்குகின்றன. டெட் ஹீட் பொருந்தும் பந்தயம் 6.0, முழுத் தொகை தருவது 5.0 என்றால், ஒன்றை மற்றொன்றால் வகுக்க ஆறில் ஐந்து கிடைக்கிறது. வீரர் டாப் 5-இல் முடிக்கும்போதெல்லாம் சராசரியாக ஆறில் ஐந்துக்கும் குறைந்த பங்கே கிடைக்கும் என்று கருதினால் 5.0 மேலானது, இல்லையேல் 6.0. எந்த வகை என்பதை விகிதத்தை வைத்து ஊகிக்காமல், அந்தப் பந்தயத்தின் விதிப் பகுதியில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே நிறுவனம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பதும் உண்டு.