இருவர் சேர்ந்து தையல் கடை: பங்குடைமை உடன்படிக்கை எழுதும் முறை

திருகோணமலையில் சுமதி, பரீதா என்று இரண்டு தோழிகள் தையல் கடை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இலங்கைச் சட்டப்படி மூலதனம் 1,000 ரூபாயைத் தாண்டினாலே பங்குடைமை எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு சட்டை கூடத் தைக்க முடியாது. ஆகவே எல்லாருக்கும் எழுத்து வேண்டும்.

படி 1: மூலதனம்

சுமதி 3,00,000 ரூபாய் காசு போடுகிறாள். பரீதாவிடம் காசு 20,000 தான். ஆனால் சொந்த மெஷினும் ஓவர்லொக்கும் கொண்டுவருகிறாள். சிக்கல் இங்கேதான். மெஷின் கடையின் சொத்தா, பரீதா இரவல் கொடுத்ததா? கடையின் சொத்து என்றால், இன்று விற்றால் கிடைக்கும் விலையை இருவரும் ஒத்துக்கொண்டு, மெஷினின் தொடர் இலக்கத்தோடு எழுதுங்கள். 1,80,000 என்று வைத்தால் பரீதாவின் மூலதனம் 2,00,000.

படி 2: இலாபம்

உடன்படிக்கை பேசாமல் விட்டால், சட்டம் இலாபத்தையும் நட்டத்தையும் சரிபாதியாக்கும். நாள் முழுக்க வெட்டித் தைக்கிற பங்காளருக்குச் சம்பளமும் தராது. அதனால் இப்படி எழுதலாம்: "பரீதாவுக்கு மாதம் 30,000 ரூபாய் வேலைக்கொடுப்பனவு. அதன்பின் மிஞ்சும் இலாபமோ நட்டமோ இருவருக்கும் சரிபாதி."

படி 3: விலகல்

மூன்று மாத எழுத்து அறிவித்தல் வையுங்கள். பள்ளிச் சீருடைக் காலத்தில் யாரும் விலக முடியாது என்றும் சேர்த்துவிடுங்கள். ஓடர் எடுத்த துணியைப் பாதியில் விட்டுப் போனால் மற்றவர்தான் ஏச்சு வாங்குவார்.

கணக்குத் தீர்க்கும் வழியை உதாரணத்தோடே எழுதுவது நல்லது. பரீதா விலகும் நாளில் வங்கியில் 2,60,000, மெஷின்கள் 1,40,000, துணியும் நூலும் 60,000, கடைக்குக் கட்டிய முற்பணம் 1,50,000. மொத்தம் 6,10,000. துணிக்கடைக் கடன் 30,000, வாடிக்கையாளர் தந்த அட்வான்ஸ் 20,000. அட்வான்ஸ் கையில் இருக்கும் காசுதான், ஆனால் தைத்துக் கொடுக்கும்வரை அதுவும் கடனே. இரண்டையும் கழித்தால் 5,60,000.

இதைப் பாதியாகவோ, மூலதன விகிதத்திலோ பிரிக்கப் போனால்தான் சண்டை. முதலில் அவரவர் மூலதனத்தை ஒதுக்குங்கள்: 3,00,000, 2,00,000. மிச்சம் 60,000 இலாபம், ஆளுக்கு 30,000. பரீதாவுக்குச் சேருவது 2,30,000. மெஷின்களை 1,40,000க்கு அவளே எடுத்துக்கொண்டால் 90,000 பாக்கி. அதை மூன்று மாதத் தவணையில் தரலாம். ஒரேயடியாகக் கேட்டால் கடையின் கைக்காசு வற்றிவிடும்.

மெஷின் விலையில் ஒத்துப்போகாவிட்டால், இருவரும் ஏற்கும் ஒரு மெஷின் திருத்துநர் சொல்வதே முடிவு என்று ஒரு வரி சேருங்கள்.

படி 4: கையொப்பம்

இரண்டு பிரதி, இரண்டு சாட்சிகள். ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். ஒருவர் விலகினால் அந்தப் பதிவைத் திருத்தி, துணிக்கடைக்கும் வங்கிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அறிவிக்காமல் விட்டால், அதன்பின் சுமதி வாங்கும் துணிக்கடனுக்கும் பரீதாவின் கதவைத் தட்டலாம்.