பிஓவி ஸ்கிட் எழுதுவது எப்படி? ஒரு டெய்லர் கடையை வைத்துப் பார்ப்போம்

மேலே POV என்று போட்டுவிட்டு, இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரீல்ஸ் நிறைய வருகின்றன. அது சாதாரண ஸ்கிட். பிஓவியில் கேமராதான் பார்ப்பவரின் கண், நீங்கள் அவருக்கு எதிரில் இருக்கும் ஆள்.

படி 1: பார்ப்பவர் யார்?

'டெய்லரின் வாடிக்கையாளர்' என்றால் போதாது. நாளைக் காலை முகூர்த்தம், தைக்கக் கொடுத்த பிளவுஸுக்காக மறுபடியும் நடந்து வந்திருக்கிற ஒரு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அவசரம் இருந்தால்தான் காட்சி நகரும்.

படி 2: முதல் வரி

வணக்கம், அறிமுகம் எதுவும் வேண்டாம், பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பது போல நடுவில் நுழையுங்கள்.

"உக்காருங்கக்கா, உங்க பிளவுஸ்தான் மிஷின்ல ஓடிட்டிருக்கு, ஊக்கு மட்டும் வைக்கணும்."

'அக்கா' என்றதும் பார்ப்பவர் யார் என்று தெரிந்துவிட்டது, 'பிளவுஸ்' என்றதும் ஏன் வந்தார் என்பது தெரிந்துவிட்டது. இதைச் சொல்லும்போதே உங்கள் கை, இன்னும் வெட்டாத துணியை மேஜைக்குக் கீழே தள்ளட்டும். பொய்யை நேரில் பிடித்த கோபம் பார்ப்பவருக்கு வந்துவிடும், அதை வசனத்தில் விளக்க வேண்டியதில்லை. மேலே போடும் எழுத்திலும் "POV: டெய்லர் பொய் சொல்றார்" என்று உடைத்துவிடாதீர்கள், "POV: நாளைக்குக் கல்யாணம்" என்பதோடு நிறுத்துங்கள்.

படி 3: அக்காவின் பதிலுக்கு இடம்

அக்காவின் வசனத்தையும் ஸ்கிரிப்டில் எழுதுங்கள், ஆனால் யாரும் பேசக் கூடாது. நடிக்கும்போது அதை மனதுக்குள் சொல்லி முடித்துவிட்டு அப்புறம் பதில் சொன்னால் இடைவெளி சரியாக விழும். "என்னது, நேத்தே தர்றேன்னு சொன்னேனா?" என்று கேள்வியைத் திருப்பிச் சொல்வது ஒரு தடவைக்கு மேல் போனால் போனில் பேசுவது போல ஆகிவிடும், எனக்கு அதைப் பார்த்தாலே அலுப்பு. "நேத்து ஃபுல்லா கரண்டு இல்லக்கா" போதும், அவர் என்ன கேட்டிருப்பார் என்பது பதிலிலேயே இருக்கிறது.

படி 4: கேமரா

அக்கா நிற்கிறார், நீங்கள் மிஷினில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் போன் நிற்பவரின் கண் உயரத்தில், கொஞ்சம் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். பின்பக்கக் கேமராவில் எடுங்கள், செல்ஃபி கேமரா என்றால் லென்ஸைப் பார்க்காமல் திரையில் தெரியும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம், பார்வை விலகியது உடனே தெரியும். நடுவில் வேறு கோணத்துக்கு வெட்டாதீர்கள், வெட்டினால் அக்கா கடையை விட்டு வெளியே போய்விடுவார்.

படி 5: சோதனை

முதல் வரியை மட்டும் எடுத்து, மேலே உள்ள எழுத்தை மறைத்து ஒருவரிடம் காட்டி, "இதுல நீங்க யாரு?" என்று கேளுங்கள். "ஒரு டெய்லர் பேசறாரு" என்று பதில் வந்தால் படி 2-க்குத் திரும்புங்கள். "என் துணிய இன்னும் வெட்டவே இல்லையே இவன்!" என்று வந்தால் மீதியை எடுக்கலாம்.