காய்ச்சல் கனவு, புகை விட்ட கனவு: மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகைப்பதை விட்டவர் பயங்கரக் கனவு வருகிறது என்றதும், நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் புதிதாக வரும் மருத்துவர்கள் நிக்கோடின் விலகல் என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரியே. நிக்கோடின் அடக்கி வைத்திருந்த கனவுத் தூக்கம் அது நின்றதும் மேலெழுகிறது. அடிக்கடி விழிப்பு வருவதால், ஓடிக்கொண்டிருந்த கனவு நினைவில் தங்கிவிடுகிறது. காய்ச்சலிலும் தூக்கம் இப்படித்தான் துண்டுபடுகிறது.

எல்லாவற்றையும் விலகலின் தலையில் கட்டுவது

மூச்சிரைப்புக்காக நெடுநாளாகத் தியோபிலின் மாத்திரை எடுத்துவந்த ஒருவர், நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகப் படுத்தபோது புகையை விட்டார். ஒரு வாரத்தில் இரவெல்லாம் கொடுங்கனவுகள், கை நடுக்கம், குமட்டல், படபடப்பு. சில நாட்களில் அடங்கிவிடும் என்று தேற்றித் தூக்க மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். மறுமுறை வந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது; நாடித்துடிப்போ 120ஐத் தாண்டியிருந்தது. நிக்கோடின் நின்றால் நாடி சற்றுக் குறையுமே தவிர ஏறாது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

புகையிலுள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்னும் நொதியைத் தூண்டி, தியோபிலினை விரைவாகக் கழிக்கச் செய்கின்றன. அதனால் புகைப்பவருக்கு மாத்திரையின் அளவு கூட்டியே எழுதப்பட்டிருக்கும். புகை நின்ற சில நாட்களில் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிட, அதே மாத்திரை உடம்பில் தேங்கத் தொடங்குகிறது. காய்ச்சலோடு வரும் தொற்றும் இந்த நொதியை மந்தமாக்குகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தோன்றுகின்றன, வலிப்பும் வரலாம். இவருக்கு 27 இருந்தது. மாத்திரையை நிறுத்தி, அளவு இறங்கிய பின் குறைத்துக் கொடுத்ததும் நடுக்கமும் கொடுங்கனவுகளும் விட்டன. தியோபிலின் அவருடைய கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது என்பதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். காபிக்கும் பொருந்தும்; புகையை விட்டவர் வழக்கமான காபியைப் பாதியாகக் குறைப்பது நல்லது. நொதியைத் தூண்டுவது நிக்கோடின் அல்ல, புகை. ஆகவே நிக்கோடின் பட்டை ஒட்டியிருப்பதால் இதிலிருந்து தப்ப முடியாது.

பட்டையோடு உறங்குவது

இரவில் ஒட்டியிருக்கும் பட்டையாலும் கொடுங்கனவு வரலாம்; அப்படியானால் படுக்கும் முன் கழற்றிவிடலாம்.

உளறலைக் கனவென்று நினைப்பது

கனவு கண்டவர் விழித்ததும் தெளிந்துவிடுவார். நன்றாக எழுப்பி உட்கார வைத்த பிறகும் தான் எங்கே இருக்கிறோம், என்ன கிழமை என்று சொல்லத் தெரியாமல், இல்லாதவர்களோடு பேசிக்கொண்டிருந்தால் அது மனக்குழப்பம். கழுத்து விறைப்போ வேகமான மூச்சோ சேர்ந்திருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இன்சுலின் போடுபவரின் இரவு வியர்வை

கனவில் அலறி வியர்வையோடு எழுந்தால், சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். காலையில் பார்த்தால் தெரியாமல் போகலாம்.

மதுவைப் பற்றிக் கேட்காமல் விடுவது

புகையோடு மதுவையும் நிறுத்தியவர்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை. நாள்தோறும் அதிகமாகக் குடித்தவருக்கு, நிறுத்திய 2 முதல் 4 நாட்களுக்குள் நடுக்கத்தோடு கொடுங்கனவும் மாயத்தோற்றமும் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.